இளங்கன்று பயமறியாதா?

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, ஈப்போவிலிருந்து நேரம் ஒதுக்கி வந்திருக்கும் டத்தோ அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட மாரியம்மன் ஆலயத் தலைவர் அவர்களே, மேடைக்கு அழைத்தும் வராமல் பெற்றோர்களோடு கீழே உட்கார்ந்திருக்கும் இடைநிலைப்பள்ளி முதல்வர் அவர்களே, வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் பிரிவுக்கும் என் நன்றி.

பதின்ம வயதுப் பிள்ளைகளின் மூளை, அவர்களுடைய கூட்டாளிகள், அவர்களுடைய தூக்கம் என்று மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன்.

இளங்கன்று பயமறியாது என்போம். எனக்கு ரொம்பப் பிடித்த பழமொழி அது. ஆனால் அது பாதிதான் உண்மை என்பதற்கு என் முழங்காலே சாட்சி.

எனக்கு அப்போது 15 வயது, மூன்றாம் படிவம். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுத் தொழிலாளி. அவருடைய பழைய ஹோண்டா கப்சாயை, உரிமம் எடுக்கும் வயது வராமலே நான் ஓட்டுவேன். தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு வர ஒரு கால்வாயைத் தாண்ட வேண்டும். பாலம் என்று பேர், பக்கத்துக்குப் பக்கமாகப் போட்ட இரண்டு பலகை, அவ்வளவுதான். மழை பெய்தால் பாசி வழுக்கும். தனியாக வரும்போது ஒரு நாளாவது அதில் நான் வண்டியை ஓட்டியது இல்லை. இறங்கி, இஞ்சினை அணைத்து, தள்ளிக்கொண்டு போவேன். பயம் அவ்வளவு இருந்தது. அன்றைக்குப் பள்ளி விட்டு வரும்போது நாலு கூட்டாளிகள் அக்கரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டு என்று யாரும் சொல்லவில்லை, பந்தயம் கட்டவில்லை, சிரிக்கக்கூட இல்லை. சும்மா பார்த்தார்கள். நான் இறங்கவில்லை. கியரை மாற்றி முறுக்கினேன். பாதிப் பலகையில் பின்சக்கரம் விலகி, வண்டி, நான், பின்னால் கட்டியிருந்த அப்பாவின் பால் வாளி, எல்லாம் கால்வாய்க்குள். முழங்காலில் ஏழு தையல். வாளி நசுங்கியதற்குத்தான் அப்பா அழுதார்.

அந்தப் பையனுக்கு என்ன நடந்தது என்பதைப் பிறகு ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்தார்கள். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஸ்டெயின்பெர்க் குழு 2005-இல் ஒரு வண்டியோட்டும் கணினி விளையாட்டு வைத்தது. தனியாக ஆடினால் ஒரு மாதிரி, இரண்டு நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் வேறு மாதிரி. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் நண்பர்கள் முன்னால் ஏறக்குறைய இரு மடங்கு ஆபத்தை எடுத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசமே இல்லை. 2011-இல் அதே மாதிரி விளையாட்டை மூளையைப் படம் பிடிக்கும் கருவிக்குள் படுக்கவைத்து ஆடச் சொன்னார்கள். நண்பர்கள் பக்கத்து அறையிலிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே போதும், பதின்ம வயதினரின் மூளையில் பரிசையும் பாராட்டையும் எதிர்பார்த்துத் துடிக்கும் பகுதி கூடுதலாக வேலை செய்தது. அதை அடக்கிப் பிடிக்கும் முன்மூளையோ இருபதுகளின் நடுவரைக்கும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது.

ஆக, தனியாக நிற்கும் இளங்கன்றுக்குப் பயம் நன்றாகத் தெரியும். ஆபத்தைப் பற்றி அதற்கு இன்னொரு முறை பாடம் எடுத்துப் பயனில்லை. யார் பார்க்கிறார்கள் என்பதைத்தான் நாம் மாற்ற வேண்டும்.

இப்போது பள்ளி விதிக்கு வருகிறேன். உரிமம் இல்லாமல் ஓட்டியதற்கு என்னைப் பள்ளியிலிருந்து இரண்டு வாரம் நிறுத்தி வைத்தார்கள். அந்த இரண்டு வாரமும் நான் படிப்பை விட்ட பையன்களோடு கடைத்தெருவில் இருந்தேன். முதல் சிகரெட் அங்கேதான். தண்டனை என்று சொல்லி, பிள்ளையை அவன் கூட்டாளிகள் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். தப்பு செய்த பத்துப் பேரை ஒரே அறையில் உட்காரவைப்பதும் அதே கதைதான், ஒருவனுக்கு ஒன்பது ரசிகர்கள்.

அதனால்தான் மூன்று வருடமாக ஒரே கோரிக்கையோடு அலைகிறேன். 2016-இல் அதே குழு இன்னொன்று கண்டது: 18 முதல் 22 வயது இளைஞர் கூட்டத்தில் 25, 30 வயதுக்காரர் ஒருவரைச் சேர்த்தால், கூட்டத்தால் ஏறிய துணிச்சல் இறங்கிவிடுகிறது. அது ஆண்களை மட்டும் வைத்து ஆய்வுக்கூடத்தில் செய்தது. 15 வயதில் சோதிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் செய்து பார்க்கலாம். நிறுத்தி வைக்கும் தண்டனை வேண்டாம். அந்தப் பிள்ளை பள்ளிக்குள்ளேயே, தனியாக, ஓர் ஆசிரியரோடு இருக்கட்டும். பள்ளி விடும் நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் நம் பழைய மாணவர் இரண்டு பேர் நிற்கட்டும். அதட்டவேண்டாம், பிரம்பு வேண்டாம், இளங்கன்றுகளோடு பேசிக்கொண்டு நின்றால் போதும்.

தூக்கத்தைப் பற்றிச் சொல்ல நேரம் இல்லை, டத்தோ அவர்கள் பேசவேண்டும். வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வயது 25க்கு மேல், வாரத்தில் ஒரு மத்தியானம் ஒரு மணி நேரம். சென்ற வாரம் கேட்டதில் நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளிவரை, நாளுக்கு இரண்டு பேர் என்றால் இன்னும் ஆறு பேர் வேண்டும்.