தேதியைச் சொல்லிக் கேளுங்கள்: ஆய்விதழ் ஆசிரியருக்கு ஒரு மடல்

வணக்கம். உயிரணு உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் தோழி ஒருவர், ஆய்விதழ் ஆசிரியருக்கு அனுப்பவிருந்த மின்னஞ்சலை என்னிடம் காட்டினார். அதைத் திருத்திய விதத்தை அவருடைய அனுமதியுடன் இன்று சொல்கிறேன்.

அவருடைய கட்டுரையில் பெரிய திருத்தங்கள் கேட்டு 60 நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். கெடு மார்ச் 14. அவர் எழுதிய மடலில் காய்ச்சல், பழுதான இன்குபேட்டர், வழிகாட்டியின் வெளியூர்ப் பயணம், மூன்று இடங்களில் மன்னிப்பு எல்லாம் இருந்தன. எத்தனை நாள் வேண்டும் என்பது மட்டும் இல்லை. "இன்னும் சிறிது காலம்" என்று முடித்திருந்தார். ஆசிரியர் செய்ய வேண்டியது சமர்ப்பிப்புத் தளத்தில் கெடுத் தேதியை மாற்றுவதுதான் என்பதால், தேதி இல்லாத மடலுக்கு அவர் ஒரு கேள்வியைத்தான் பதிலாக அனுப்ப முடியும்.

ஆகவே முதலில் கணக்குப் போட்டோம். இரண்டாம் மதிப்பாய்வாளர் கேட்ட கூடுதல் சோதனையை மூன்று முறை செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 10 நாள். ஒன்று முடிந்துவிட்டது. மடல் எழுதிய நாள் மார்ச் 5; மீதி இரண்டும் மார்ச் 25 அளவில் முடியும். படங்களைத் திருத்தவும் இணையாசிரியர்கள் படித்துப் பார்க்கவும் 10 நாள், தடங்கலுக்கென ஒரு வாரம். ஏப்ரல் 11 என்ற தேதி இப்படித்தான் கிடைத்தது. பிறகு மடல் இவ்வாறு ஆனது. பொருள் வரியில் கட்டுரை எண்ணும் "திருத்தத்திற்குக் கால நீட்டிப்பு" என்பதும் மட்டும்.

"மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, எங்கள் கட்டுரையின் திருத்தத்தை மார்ச் 14க்குப் பதிலாக ஏப்ரல் 11க்குள் சமர்ப்பிக்க அனுமதி வேண்டுகிறேன். இரண்டாம் மதிப்பாய்வாளர் கேட்ட சோதனையின் மூன்று மறுசெய்கைகளில் ஒன்று முடிந்துள்ளது. மற்ற இரண்டும் மார்ச் இறுதிக்குள் முடியும். ஏனைய கருத்துகளுக்கான பதில்கள் தயாராக உள்ளன. தங்கள் பரிசீலனைக்கு நன்றி."

காய்ச்சலும் இன்குபேட்டரும் பொய்யல்ல. ஆனால், மதிப்பாய்வாளர் கேட்ட வேலைக்கே இந்த நாட்கள் செலவாகின்றன என்பதுதான் ஆசிரியரின் முடிவுக்கு வேண்டிய காரணம். அந்தச் சோதனை தேவையற்றது என்ற முணுமுணுப்பு பழைய மடலில் ஓரிடத்தில் தலைகாட்டியது. அதையும் நீக்கச் சொன்னேன். அப்படி ஒரு வாதம் இருந்தால், அது மதிப்பாய்வாளருக்கான பதில் கடிதத்தில் சான்றுகளோடு வர வேண்டும்.

கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே இதை அனுப்புவது அவசியம். பல ஆய்விதழ்களில் கெடு கடந்ததும் திருத்தத்தைப் பதிவேற்றும் இணைப்பு மூடிக்கொள்ளும். பிறகு வருவதைப் புதிய கட்டுரையாகக் கருதினால், பெறப்பட்ட தேதி மாறுவதோடு, வேறு மதிப்பாய்வாளர்களிடமும் போகக்கூடும். கட்டுரையை எழுதியவர்கள் சார்பில் ஆய்விதழோடு தொடர்புகொள்ளும் தொடர்பு ஆசிரியரின் முகவரியிலிருந்தே மடல் போக வேண்டும். அதனால் என் தோழி தம் வழிகாட்டியைத்தான் அனுப்பச் சொன்னார்.

சம்மதம் தெரிவித்துப் பதில் வந்த பிறகும் தளத்திற்குள் சென்று புதிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மடலில் சம்மதித்துவிட்டுத் தளத்தில் மாற்ற மறந்திருந்தால், பழைய தேதியிலேயே இணைப்பு மூடிவிடும்.