பட்டனை அழுத்தினால் மட்டும் பாடகர் வருகிறார்: ஹேண்ட்ஸ்ஃப்ரீ சந்தேகம்

கேள்வி: "அண்ணா, என்ட புது போன்ல நல்லா வேலை செய்யிற ஹேண்ட்ஸ்ஃப்ரீ, அம்மாட பழைய போன்ல போட்டா மைக்கும் இல்ல, பட்டனும் இல்ல. பாட்டும் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்கு. ஹேண்ட்ஸ்ஃப்ரீ பழுதா, போன் பழுதா?"

இரண்டுமே பழுதில்லை தங்கச்சி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு காரணத்துக்காக நல்ல ஹேண்ட்ஸ்ஃப்ரீயைக் குப்பையில் போட்டவர்களையும், போனின் ஜாக்கை மாற்றச் சொல்லிக் காசு கொடுத்தவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சார்ஜர் வீடியோவில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஞாபகம் இருக்கும், வாய் பொருந்தினால் உள்ளே ஒழுங்கும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம் என்று. இங்கேயும் அதே கதைதான். உங்கள் ஹேண்ட்ஸ்ஃப்ரீயின் முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருக்கும், அந்த வளையங்கள் உலோகத்தை நான்கு துண்டாகப் பிரிக்கும். நுனியில் இருப்பது இடது காது, அடுத்தது வலது காது. இதில் எல்லாப் போனும் ஒத்துப்போகும். சண்டை அடுத்த இரண்டில்தான். மூன்றாவது துண்டு பொதுக் கம்பி, அதாவது எர்த், வயருக்குப் பக்கத்தில் இருக்கும் நான்காவது துண்டு மைக் என்பது ஒரு ஒழுங்கு. இதை சி.டி.ஐ.ஏ ஒழுங்கு என்பார்கள். ஜாக் இருந்த ஐபோன்கள் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான், இப்போது ஜாக் உள்ள ஆண்ட்ராய்டு போன்களும் பெரும்பாலும் இப்படித்தான். மற்ற ஒழுங்குக்கு ஓ.எம்.டி.பி என்று பெயர், அதில் மூன்றாவது மைக், நான்காவது எர்த். பழைய நோக்கியா மாடல்கள் பலவும் அந்தக் காலத்து வேறு போன்களும் இந்த ஒழுங்கில் வந்தவை. வெளியே இரண்டுக்கும் ஒரே 3.5 மில்லிமீற்றர் முனை, பார்த்துக் கண்டுபிடிக்க எந்த அடையாளமும் கிடையாது.

இங்கே திருகோணமலையில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் என் கூட்டாளி ஒருவர் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் நான் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மூதூரிலிருந்து ஒரு அக்கா தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தா. அம்மாவுக்குக் காலையில் பக்திப் பாட்டுக் கேட்க வேண்டும். மகளின் ஹேண்ட்ஸ்ஃப்ரீயைத் தன் பழைய போனில் போட்டால் நாதஸ்வரம் கேட்குதாம், தாளம் கேட்குதாம், பாடுகிறவரை மட்டும் காணவில்லையாம். அக்கா அதை நம்பவில்லை, அம்மாவுக்குக் காது மந்தம் என்று முடிவு கட்டிவிட்டா. அந்த அம்மா விடவில்லை. "பிள்ளை, இந்த நடுப் பட்டனை அமத்திப் பிடிச்சா பாடுறவர் வாறார், விட்டாப் போறார்" என்றா. பெருவிரலால் பட்டனை அமத்திப் பிடித்துக்கொண்டே முழுப் பாட்டையும் கேட்டுப் பழகியிருக்கிறா அந்த மனுசி.

எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. அவ சொன்னது நோயின் அடையாளம் மட்டும் இல்லை, முழு விளக்கமும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் தங்கச்சி, மைக் ஏன் இல்லை என்பதைவிட, பாடகர் ஏன் காணாமல் போகிறார் என்பதைத்தான் நான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். அது விளங்கினால் மைக் தானாக விளங்கும்.

இரண்டு காதிலும் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்களுக்கு ஆளுக்கு இரண்டு கம்பி வேண்டும். ஒன்று தனிக் கம்பி, மற்றது இருவருக்கும் பொதுவான எர்த். மகளின் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் அந்தப் பொதுக் கம்பி மூன்றாவது துண்டில் இருக்கிறது. அம்மாவின் போனில் அதே இடத்தில் இருப்பது மைக்குக்கான தொடுமுனை, அது எர்த் இல்லை. ஆகவே மின்சாரம் திரும்பிப் போகச் சரியான வழி இல்லை. அப்படியானால் ஒன்றுமே கேட்கக்கூடாதே என்று கேட்பீர்கள். இல்லை, ஒரு வழி மிச்சம் இருக்கிறது. இடது கம்பியில் வந்தது இடது ஸ்பீக்கருக்குள் போய், பொதுக் கம்பி வழியாக வலது ஸ்பீக்கருக்குள் புகுந்து, வலது கம்பியால் வெளியேறும். இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்த மாதிரி ஆகிவிட்டது.

இப்போது இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை நினையுங்கள், நடுவில் ஒரு குழாய். இரண்டிலும் மட்டம் ஒன்றாக இருந்தால் குழாயில் ஓட்டம் இருக்காது. ஒன்று உயர்ந்து மற்றது தாழ்ந்தால்தான் ஓடும். பாட்டுப் பதிவு செய்யும்போது பாடகரின் குரலை நடுவில் வைப்பார்கள், அதாவது இடதிலும் வலதிலும் ஒரே அளவில். அதனால் குரலுக்கு இரண்டு பக்கமும் ஒரே மட்டம், நடுவில் ஓட்டம் இல்லை, சத்தமும் இல்லை. நாதஸ்வரம் ஒரு பக்கம் கூட, மற்றப் பக்கம் குறைய இருந்திருக்கும், எதிரொலியும் இரண்டு பக்கத்திலும் வேறுவேறாக இருக்கும், அந்த வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வருகிறது. நீங்கள் சொன்ன கிணற்றுச் சத்தம் அந்த வித்தியாசம்தான். அந்த அம்மாவின் காதில் ஒரு குறையும் இல்லை, இருந்ததை இருந்தபடி சொன்னா.

பட்டனுக்கு வருவோம். நடுப் பட்டன் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான், அழுத்தும்போது மைக் கம்பியையும் எர்த் கம்பியையும் நேராகச் சேர்த்துவிடும். சரியான போன் அந்தச் சேர்க்கையைக் கண்டு பாட்டை நிறுத்தும் அல்லது அழைப்பை எடுக்கும். தவறான போனில் என்ன நடக்கிறது? ஹேண்ட்ஸ்ஃப்ரீயின் மைக் கம்பி போய் நிற்பது போனின் எர்த்தில். பட்டனை அழுத்தினால் பொதுக் கம்பியும் அந்த எர்த்தில் வந்து சேர்கிறது. ஸ்பீக்கருக்குத் திரும்பும் வழி கிடைத்துவிட்டது, பாடகர் வந்துவிட்டார். விரலை எடுத்தால் வழி அறுந்தது.

இதுதான் உங்கள் வீட்டுச் சோதனை. காசு வேண்டாம், கருவி வேண்டாம். அம்மாவின் போனில் குரல் நடுவில் வரும் பாட்டு ஒன்றைப் போட்டு நடுப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். குரல் பளிச்சென்று வந்தால் ஒழுங்குதான் மாறியிருக்கிறது. ஆனால் அதற்கு முன் போனின் கவரைக் கழற்றிவிட்டு முனையை முழுதாகத் தள்ளிப் பாருங்கள். தடித்த கவர் முனையைக் கொஞ்சம் வெளியே நிறுத்தினாலும் இதே கிணற்றுச் சத்தம் வரலாம். உள்ளே பஞ்சு, தூசு இறுகியிருந்தாலும் வரும். கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள், உப்புவெளி, நிலாவெளிப் பிள்ளைகள், மணலையும் பாருங்கள்.

கூட்டாளி அன்றைக்கு மல்டிமீட்டரை எடுத்துத் தடையை அளந்தும் காட்டினார். நுனிக்கும் மூன்றாவது துண்டுக்கும் 32 ஓம், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 32 ஓம், நுனிக்கும் இரண்டாவதுக்கும் 64. இரண்டு காதுக்கும் சமமாக, குறைவாகக் காட்டும் துண்டு எதுவோ அதுதான் எர்த். அது மூன்றாவதாக இருந்ததால் ஹேண்ட்ஸ்ஃப்ரீ சி.டி.ஐ.ஏ. நான்காவதாக இருந்திருந்தால் மற்ற ஒழுங்கு. இந்த ஒரு அளவு போதும், பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடத் தேவையில்லை.

தீர்வு என்னவென்றால், நடுவில் போடும் ஒரு சின்ன மாற்று வயர். ஒரு பக்கம் நான்கு துண்டு முனை, மறுபக்கம் நான்கு துண்டுத் துளை, உள்ளே மூன்றாவதும் நான்காவதும் மட்டும் இடம் மாறியிருக்கும். கடையில் கேட்கும்போது சி.டி.ஐ.ஏ, ஓ.எம்.டி.பி என்ற இரண்டு பெயரையும் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் மைக்கையும் ஹெட்போனையும் இரண்டாகப் பிரிக்கும் வயரைத் தந்துவிடுவார்கள், அது கம்ப்யூட்டருக்கு. கூட்டாளியின் கடையில் அந்த மாற்று வயர் இருக்கவில்லை, அதனால் அவர் நான்கு கம்பி உள்ள நீட்டு வயர் ஒன்றை நடுவில் வெட்டி அந்த இரண்டு கம்பிகளையும் மாற்றிச் சோல்டர் பண்ணினார். கம்பியின் நிறத்தை நம்ப வேண்டாம், ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு நிறம் போடும், மீட்டரால் தொட்டுப் பார்த்தே சேர்க்க வேண்டும். மெல்லிய கம்பிகளின் மேல் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு இருக்கும், அதைச் சூட்டுக்கோலில் ஈயம் வைத்து எரித்தால்தான் ஈயம் பிடிக்கும். வேலை முடிந்ததும் அந்த அம்மா பட்டனிலிருந்து விரலை எடுக்கப் பயந்து பயந்து எடுத்தா.

இனி ஒரு விஷயம், இதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் நாளைக்கே கேள்வி வரும். பாட்டும் நன்றாகக் கேட்கிறது, மைக்கும் வேலை செய்கிறது, நடுப் பட்டனும் சரி, சத்தம் கூட்டிக் குறைக்கும் பட்டன்கள் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அது வேறு நோய். மாற்று வயர் வாங்காதீர்கள், வாங்கினால் இருப்பதும் கெடும். ஆண்ட்ராய்டு ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் கூட்டும் பட்டனுக்குள் 240 ஓம் ரெசிஸ்டர், குறைக்கும் பட்டனுக்குள் 470 ஓம். மைக் கம்பியில் எவ்வளவு தடை தெரிகிறது என்று பார்த்துத்தான் எந்தப் பட்டன் என்று போன் கண்டுபிடிக்கிறது. ஐபோன் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் அப்படி இல்லை. அதில் ஒரு சின்ன சிப் இருந்து, நம் காதுக்குக் கேட்காத உயர்ந்த ஒலியை மைக் கம்பி வழியாக அனுப்பிச் சொல்கிறது. ஆண்ட்ராய்டுக்கு அந்தப் பாஷை தெரியாது. கம்பி ஒழுங்கு இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால்தான் நடுப் பட்டனும் மைக்கும் தப்பித்துக்கொள்கின்றன. இதற்கு வயரை வெட்டி ஒட்டிப் பயனில்லை, போனில் இருக்கும் பட்டனால் சத்தத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சில போன்கள் முனையைச் செருகியதும் எது எர்த், எது மைக் என்று தாங்களே அளந்து உள்ளுக்குள் மாற்றிக்கொள்ளும். ஆகவே தங்கச்சி, உங்கள் புதுப் போன் அப்படிப்பட்டதாகவும் இருக்கலாம். அப்படியிருந்தால் ஹேண்ட்ஸ்ஃப்ரீ எந்த ஒழுங்கு என்பதைப் புதுப் போனை வைத்துச் சொல்ல முடியாது. முதலில் அம்மாவின் போனில் பட்டனை அழுத்திப் பாருங்கள், பாடகர் வந்தாரா இல்லையா என்று கீழே எழுதுங்கள்.