பத்து வருஷம் போட்டவர் இருபத்தைந்து வருஷம் போட்டவரை முந்துவது எப்படி?

கேள்வி: "சீக்கிரம் சேமித்த நண்பர், தாமதமாகச் சேமித்த நண்பர் என்று ஒரு கதை சொல்கிறார்கள். பத்து வருஷம் மட்டும் போட்டு நிறுத்தியவருக்கு, இருபத்தைந்து வருஷம் விடாமல் போட்டவரைவிட அதிகம் கிடைக்கிறதாம். என் தலையில் ஏறவில்லை. கணக்கு உண்மையா?"

கணக்கு உண்மைதான். ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது, கதை சொல்பவர்கள் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. முதலில் கதையை ஒருமுறை எண்களோடு ஓட்டிப் பார்த்துவிடுவோம்.

மதி, சேகர் என்று இரண்டு நண்பர்கள். இருவருக்கும் 25 வயது. மதி மாதம் 1,000 எடுத்து வைத்து, வருஷக் கடைசியில் 12,000-ஆகப் போடுகிறார். எந்த நாட்டுப் பணம் என்பது முக்கியமில்லை. வட்டி வருஷத்துக்கு 8 சதவீதம், வரும் வட்டியும் அசலோடு சேர்ந்துவிடும். 35 வயதில் மதி நிறுத்திவிடுகிறார். அதன் பிறகு ஒரு காசும் போடவில்லை, எடுக்கவும் இல்லை. சேகர் அதே 35-இல்தான் தொடங்குகிறார். அதே 12,000, அதே 8 சதவீதம், 60 வயது வரை நிறுத்தாமல்.

60-இல் பார்த்தால் மதியிடம் ஏறக்குறைய 11.9 லட்சம் இருக்கிறது. சேகரிடம் 8.77 லட்சம். மதி கைப்பணமாகப் போட்டது மொத்தம் 1.2 லட்சம். சேகர் போட்டது 3 லட்சம்.

இந்தக் கடைசி எண்களைப் பார்த்து எல்லோரும் வியப்பார்கள். எனக்கு அதைவிடச் சுவாரஸ்யமாகத் தெரிவது 36-ஆவது பிறந்தநாள், அதாவது சேகர் முதல் தவணை போடும் நாள். 35-இல் மதி நிறுத்தியபோது அவர் கணக்கில் 1,73,839 இருந்தது. அதற்கு அடுத்த ஒரு வருஷத்து வட்டி மட்டும் 13,907. சேகர் வருஷம் முழுக்கச் சேர்த்துப் போடுவதோ 12,000. மதி சும்மா இருக்கிறார், இருந்தும் அவருடைய பணம் சேகரைவிட அதிகமாக "சேமிக்கிறது". அந்த வருஷ முடிவில் இருவருக்கும் உள்ள இடைவெளி குறையவில்லை, 1,907 கூடிவிட்டது. கூடிய இடைவெளிக்கு அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் அதிக வட்டி. அதனால் இடைவெளி மறுபடியும் விரியும். 60 வயது என்ன, நூறு வயது வரை போட்டாலும் சேகர் மதியைப் பிடிக்க முடியாது.

ஒளிந்திருக்கும் நிபந்தனை இங்கேதான் இருக்கிறது. இருவருக்கும் உள்ள இடைவெளிக்கு வரும் வட்டி 12,000-ஐத் தாண்டினால் சேகர் பிடிக்கவே முடியாது. தாண்டாவிட்டால் என்றைக்காவது பிடித்துவிடுவார். 8 சதவீதத்தில் 12,000 வட்டி தர எவ்வளவு அசல் வேண்டும்? 1,50,000. அப்படியானால் நாம் கேட்க வேண்டியது, மதி எத்தனை வருஷத்தில் அந்த ஒன்றரை லட்சத்தைத் தொட்டார் என்பதைத்தான். ஒன்பதாம் வருஷ முடிவில் 1,49,851. கிட்டத்தட்டத் தொட்டுவிட்டார். பத்தாவது வருஷம் அவரைத் தாண்ட வைத்தது.

இந்த ஒன்பது வருஷம் தற்செயல் இல்லை. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் காலம் உத்தேசமாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 72-ஐ 8-ஆல் வகுத்தால் 9. முதலில் தொடங்குபவர் எத்தனை வருஷம் முந்திக்கொள்கிறாரோ, அது பணம் இரட்டிப்பாகும் காலத்தைவிட நீளமாக இருந்தால், அதே தொகையைப் போடும் மற்றவரால் அவரைப் பிடிக்க முடியாது. போடும் தொகை ஆயிரமா லட்சமா என்பது இதை மாற்றாது, இருவரும் ஒரே தொகை போட்டால் போதும்.

சரி, வட்டி குறைந்தால்? 6 சதவீதத்தில் இரட்டிப்பாக 12 வருஷம் ஆகும். மதியின் பத்து வருஷம் அதற்குப் போதாது. 60 வயதில் மதி 6.79 லட்சம், சேகர் 6.58 லட்சம் என்று மதி மயிரிழையில் முன்னால் நிற்பார். ஆனால் சேகர் விடாமல் போட்டால் 62-இல் தாண்டிவிடுவார். 5 சதவீதத்தில் 56-ஆவது வயதிலேயே சேகர் முன்னால் போய்விடுவார், 60-இல் மதியிடம் 5.11 லட்சமும் சேகரிடம் 5.73 லட்சமும் இருக்கும். இருவரும் 60-இல் சரிசமமாக வரும் வட்டி ஏறக்குறைய 5.8 சதவீதம். அதனால் இந்தக் கதையை யாராவது சொன்னால், என்ன வட்டி வைத்துச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். 12, 15 என்று வைத்தால் கதை பிரமாதமாக இருக்கும், அவ்வளவு வட்டி முப்பத்தைந்து வருஷம் கிடைக்குமா என்பது வேறு விஷயம். பங்குச்சந்தை சார்ந்த முதலீட்டில் வருஷா வருஷம் ஒரே விகிதம் வராது. ஒரு வருஷம் ஏறும், ஒரு வருஷம் இறங்கும். நாம் போட்ட 8 வெறும் கணக்குக்கான எண்.

சேகருக்குக் கதை கொஞ்சம் அநியாயமும் செய்கிறது. விலைவாசி ஏறுவதால் 50 வயதில் போடும் 12,000, 25 வயதில் போட்ட 12,000-ஐவிட இலேசானது. சம்பளமும் பொதுவாக ஏறியிருக்கும். நிஜத்தில் சேகர் அதே தொகையிலேயே நிற்க வேண்டியதில்லை. 8 சதவீதத்திலேயே, மாதம் 1,000-க்குப் பதிலாக ஏறக்குறைய 1,357 போட்டால் 60-இல் மதியைத் தொட்டுவிடுவார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் கையிலிருந்து போவது 4.07 லட்சம். மதிக்கு 1.2 லட்சத்தில் முடிந்தது இவருக்கு அவ்வளவு ஆகிறது. தாமதத்தின் விலை எவ்வளவு என்று கேட்டால், இந்தக் கணக்கில் 2.87 லட்சம். பத்து வருஷம் தவறவிட்டவர் "இனிமேல் போட்டு என்ன பயன்" என்று இருப்பதைவிட, தன் 357 எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

மதி பக்கம் ஒரு ஆபத்தும் உண்டு. அவர் ஜெயிப்பது பத்து வருஷம் போட்டதால் மட்டுமில்லை, அதன் பிறகு இருபத்தைந்து வருஷம் கை வைக்காமல் இருந்ததாலும்தான். 35 வயதில் ஏதோ அவசரம் என்று 50,000 எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 1,23,839. அது அந்த ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போய்விட்டது. இப்போது அவருடைய வட்டி வருஷத்துக்கு 10,000-க்குக் கொஞ்சம் குறைவு, சேகர் போடுவது 12,000. இடைவெளி மெல்ல மூடத் தொடங்கும். ஆரம்ப வருஷங்களில் அது தெரியவே தெரியாது, மதி நன்றாகவே முன்னால் இருப்பதுபோல் இருக்கும். 58-ஆவது வயதில் சேகரிடம் 7.31 லட்சம் இருக்கும், மதியிடம் 7.27 லட்சம்.