"இரண்டு வருட அனுபவம் தேவை"

நடுவர் வைத்த கேள்வி: "படித்த திறமைசாலிகள் வெளிநாட்டில் போய்க் குடியேறுவதால் நாட்டுக்கு அதிகம் இழப்பா, வரவா?"

'இழப்பே' என்ற அணியில், சேலத்தில் பேசிய உரை.

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் வார்டில் நர்ஸாக வேலை பார்த்து, பிறகு நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவள். விஞ்ஞானிகளைப் பற்றியும் இன்ஜினியர்களைப் பற்றியும் எனக்கு முன்னால் நிறையப் பேசிவிட்டார்கள். நான் நர்சுகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அது எனக்குத் தெரிந்த விஷயம்.

எதிரணியில் வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒரு கணக்கு சொன்னார். 2024ஆம் ஆண்டில் வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் அனுப்பிய பணம் ஏறத்தாழ 12,900 கோடி டாலர், உலகத்திலேயே நாம்தான் முதலிடம் என்றார். சரியான கணக்கு. அடுத்து வந்த தம்பி, தான் பெங்களூருக்கு வேலைக்குப் போய் அப்பாவின் கடனை அடைத்த கதையைச் சொன்னார். கேட்க மனசு நிறைந்தது. ஆனால் தம்பி, பெங்களூரும் நம் நாடுதான். அது இன்றைய கேள்விக்குள் வராது. மூன்றாவதாகப் பேசிய தங்கச்சி சொன்னதுதான் கனமான வாதம். "ஒரு நர்ஸ் போனா, அவளைப் பார்த்து பத்துப் பேர் நர்சிங் சேர்றாங்க. இறைக்கிற கிணறுதான் ஊறும்" என்றார். அவருக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும்.

சேர்வராயன் மலையில் ஒரு சிறிய மருத்துவமனை. பெயர் வேண்டாம். விடியற்காலையில் ஒரு எஸ்டேட் தொழிலாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வயிற்று வலி. வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை, உடம்பில் எங்கும் வீக்கம் இல்லை. ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, வாயுத் தொல்லை என்று ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அன்று டூட்டியில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ் என் பழைய மாணவி. அவள் ஒன்றைக் கவனித்தாள். அவர் பேசும்போது நெற்றியைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறார். கண் இமை கீழே விழுகிறது, அதைத் தூக்கத்தான் நெற்றி பாடுபடுகிறது. "அண்ணா, ராத்திரி எங்க படுத்தீங்க?" என்று கேட்டாள். "தரையிலதாங்க சிஸ்டர்." "ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ணுங்க பார்க்கலாம்." பதினைந்துக்குள் மூச்சு தீர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எண்ணச் சொன்னாள், எண்ணிக்கை இன்னும் குறைந்திருந்தது. "தலைகாணியில இருந்து தலையை மட்டும் தூக்குங்கண்ணா." தூக்க முடியவில்லை.

கட்டுவிரியன். ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் பட்ட இடம் பெரும்பாலும் தெரியாது, வலிக்காது, வீங்காது. பாம்பு கடித்ததே அவருக்குத் தெரியாது. டாக்டரை எழுப்பினாள். விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி ஏற ஆரம்பித்தது. அந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் உயிருக்கு ஆபத்தாகும் என்பதால், அட்ரினலின் ஊசியை நிரப்பிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். ஆனால் கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையில் ஏற்கனவே செய்துவிட்ட சேதத்தை முறிவு மருந்து திருப்பாது. அது தானாகச் சரியாகும்வரை, சில நாட்கள் வென்டிலேட்டர்தான் மூச்சு விட வேண்டும். வென்டிலேட்டர் இருப்பது கீழே, சேலத்தில். இருபது கொண்டை ஊசி வளைவும் ஆம்புலன்ஸில் அவளே கூட வந்தாள். பாதி வழியில் மூச்சு மெலிந்தது. மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க்கை அழுத்திப் பிடித்து, கையால் மூச்சு செலுத்தும் ஆம்பு பேக்கை அமுக்கிக்கொண்டே கொண்டு சேர்த்தாள். அவர் பிழைத்தார். இன்றைக்கும் காப்பிக் காட்டில் வேலைக்குப் போகிறார்.

இப்போது அவள் இங்கிலாந்தில் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள், வீடு வாங்கிவிட்டாள், எனக்குச் சந்தோஷம்.

அந்த மருத்துவமனையில் அவள் இடம் காலியாக இல்லை. இரண்டு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். இருவரும் படித்து முடித்த கையோடு வந்தவர்கள், புத்திசாலிகள். போன வருடம் அங்கே இன்னொரு பாம்புக்கடி வந்தது. அதற்கு ஒரு எளிய பரிசோதனை உண்டு. இரண்டு மில்லி ரத்தத்தைப் புதிய, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் இருபது நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்ற பாம்பின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று பொருள். அந்தப் பெண் பிளாஸ்டிக் குழாயில் எடுத்தாள். பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் சீக்கிரம் உறையாது. சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் அப்படித்தான். விஷமே ஏறாத ஆளுக்கு முறிவு மருந்து ஏறியது, உடம்பெல்லாம் தடித்து மூச்சு இரைத்து, ஒருவழியாகச் சமாளித்தார்கள். இதற்கு நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது. கட்டுவிரியன் கடித்தவரின் ரத்தம் அந்தக் குழாயில் ஒழுங்காக உறைந்துவிடும். உறைந்துவிட்டதே என்று வீட்டுக்கு அனுப்பினால் வழியிலேயே மூச்சு நிற்கும்.

நான் அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. குழாய் எது என்று புத்தகத்தில் இருக்கிறது, அவளும் படித்திருப்பாள். ராத்திரி இரண்டு மணிக்கு, உறவுக்காரர்கள் கத்தும்போது, "கண்ணு, அது வேண்டாம், கண்ணாடிக் குழாய் எடு" என்று சொல்ல ஒரு அக்கா பக்கத்தில் இருக்க வேண்டும். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

இனி கிணற்றுக்கு வருகிறேன். தங்கச்சி சொன்னது வெறும் பழமொழி இல்லை, நடுவர் அவர்களே. பிலிப்பைன்ஸ் நாட்டில் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்கா நர்சுகளுக்கு விசாவைத் தளர்த்தியபோது, அங்கே போன ஒவ்வொரு நர்ஸுக்கும் ஊரில் புதிதாக ஒன்பது பேர் நர்ஸாகத் தகுதி பெற்றார்கள். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊறி வந்த ஒன்பது பேரும் முதல் வருடத்துக்காரர்கள். போனவள் யார் என்று பாருங்கள். சவூதி சுகாதாரத் துறைக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தைப் படியுங்கள். ஐ.சி.யூ., அவசர சிகிச்சை, ஆபரேஷன் தியேட்டர், பச்சிளங்குழந்தைப் பிரிவு என்று கேட்பார்கள். கீழே ஒரு வரி இருக்கும்: இரண்டு வருட அனுபவம் தேவை.

அந்த ஒரு வரியில்தான் நம் இழப்பு முழுவதும் இருக்கிறது. நாலு வருடம் பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறாள். முதல் வருட வேலையில் அவளுக்கே கை நடுங்குகிறது. இரண்டாம் வருடம் தனியாகச் செய்கிறாள். மூன்றாம் வருடம் அடுத்தவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தகுதி வருகிறது. சரியாக அந்த வாசலில் வந்து கூட்டிக்கொண்டு போகிறார்கள். அடுத்த தொகுதியும் மூன்றாம் வருடத்தில் போகிறது. வார்டில் என்றைக்கும் முதல் வருடமும் இரண்டாம் வருடமுமே இருக்கின்றன. மேலே ஓய்வுபெறப் போகும் ஒரு சூப்பரின்டென்டென்ட். நடுவில் ஆளே இல்லை.

இது எந்தக் கணக்கிலும் தெரியாது. தலையை எண்ணினால் ஆள் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் மருத்துவப் பணியாளர் பற்றாக்குறையால், வெளிநாடுகள் ஆள் எடுத்துக்கொண்டு போவதிலிருந்து பாதுகாப்புத் தேவைப்படும் 55 நாடுகளின் பட்டியல் வெளியிட்டது. அதில் இந்தியா இல்லை. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் எத்தனை வருட நர்ஸ் என்று கேட்டு எண்ணுகிற பட்டியலை நான் பார்த்ததில்லை.

வங்கி ஐயா சொன்ன பணத்துக்கு வருவோம். என் மாணவி அனுப்பும் பணம் அவள் வீட்டுக்கு வருகிறது. தம்பி படிக்கிறான், அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. அது உழைத்த பணம், அவள் உரிமை. ஆனால் எஸ்டேட் லயன் வீட்டில் தரையில் படுப்பவருக்கு அதில் ஒரு ரூபாய் வருமா? வரவு ஒரு குடும்பத்துக்கு, இழப்பு இன்னொரு குடும்பத்துக்கு. இரண்டையும் ஒரே நாட்டின் பேரேட்டில் எழுதிக் கழித்தால் லாபம்தான் தெரியும். இழந்தவரிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லையே, ஐயா.

என் அணியில் எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒருவர், படிக்கும்போதே பாண்டு எழுதி வாங்க வேண்டும், வெளியே விடக்கூடாது என்றார். அவர் என் அணி என்றாலும் இதை நான் ஏற்கவில்லை. பிலிப்பைன்ஸ் 2020இல் முதலில் தடை போட்டது, பிறகு வருடத்துக்கு 5,000 பேர் என்று எல்லை வைத்தது, அந்த எல்லையையும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போனது. கதவைச் சாத்தினால் வார்டில் இருப்பவள் மனசு வெளியே இருக்கும். போகாதே என்று நான் ஒரு பெண்ணிடமும் சொன்னதில்லை. சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்தால் எழுதிக் கொடுக்கிறேன். எழுதும்போது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அது சரியா தவறா என்று இன்னும் எனக்கு முடிவு தெரியவில்லை.

அவள் ஏன் போகிறாள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு மத்திய அரசு ஒரு குழு போட்டது. ஐம்பது படுக்கைக்குக் கீழே உள்ள தனியார் மருத்துவமனைகூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கொடுக்கக் கூடாது, இருநூறு படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. நடைமுறைப்படுத்துவது மாநிலங்களிடம் விடப்பட்டது. இந்த அரங்கத்தில் நர்ஸ் பெண்ணைப் பெற்றவர்கள் இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், உங்கள் மகள் எவ்வளவு வாங்குகிறாள் என்று.

ஆகவே எதிரணிக்கு என் கேள்வி இதுதான். கூட்டிப்போகும் நாடு மூன்றாம் வருட நர்ஸைக் கூட்டிப்போகிறது. அவளை மூன்றாம் வருட நர்ஸாக ஆக்கியது அவள் கல்லூரிக் கட்டணம் மட்டும் அல்ல. அவளுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த சீனியர், அவள் கை பழகும்வரை பொறுத்துக்கொண்ட நம் ஊர் நோயாளிகள், இவர்களும் சேர்ந்துதான். அந்தச் செலவை எந்த நாடு இதுவரை நம் மலைமேல் இருக்கும் மருத்துவமனைக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது? ஒன்றே ஒன்றைக் காட்டுங்கள், வரவுப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.