வைட்டமின் டி ஊசி போட்டும் குழந்தையோட கால் வளைவு நேராகலையா? ஃபாஸ்பேட் ரிப்போர்ட்ட ஒரு தடவ பாருங்க

வணக்கம். இன்னிக்கு ரிக்கெட்ஸ், அதாவது வளர்ற குழந்தைங்களோட எலும்பு கெட்டியாகாம வளையற நோய் பத்திதான், ஆனா எல்லாரும் சொல்ற வைட்டமின் டி குறைபாட்டு ரிக்கெட்ஸ் இல்ல. டி ஊசி போட்டாலும் சொட்டு மருந்து குடுத்தாலும் அசையாத ஒரு ரிக்கெட்ஸ் இருக்கு, பரம்பரையா வர்றது. சிறுநீரகம் ஃபாஸ்பேட்ட பிடிச்சு வெச்சுக்காம யூரின்ல விட்டுடும். நம்ம வேலூர் பக்கம் வெயிலுக்கு பஞ்சமே இல்ல, அதனால "வெயில்ல விளையாட விடுங்க சரியாய்டும்"னு சொல்லி சொல்லியே ரெண்டு மூணு வருஷம் ஓடிடுது, அதான் எனக்கு ஆதங்கம்.

ஒரு கேஸ் எடுத்துக்குவோம். புரியறதுக்காக நானே கோத்த மாதிரி கேஸ்தான், ஆனா நம்பர் எல்லாம் நெஜத்துல வர்ற மாதிரியே இருக்கும். குடியாத்தம் பக்கம் ஒரு பொண்ணு குழந்தை, ரெண்டரை வயசு, 11 கிலோ. நடக்க ஆரம்பிச்சதுல இருந்து கால் வில்லு மாதிரி வெளிய வளைஞ்சிருக்கு, நடக்கும்போது வாத்து நடை. ரெண்டு வயசு வரைக்கும் லேசா வளைஞ்சிருக்கறது சகஜம்தான், ஆனா இது குறையாம கூடிகினே போகுது. எக்ஸ்ரேல முட்டி பக்கம் எலும்பு நுனி கிண்ணம் மாதிரி குழிஞ்சு, பிசிறடிச்ச மாதிரி தெரியுது. ரிக்கெட்ஸ்னு சொல்லி 6 லட்சம் யூனிட் வைட்டமின் டி குடுத்தாச்சு, மூணு மாசம் கழிச்சு எக்ஸ்ரே அப்படியே இருக்கு, மறுபடி ஒரு டோஸ் குடுத்தாச்சு, அப்பவும் அப்படியே.

(திரையில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்)

இப்ப ரிப்போர்ட்ட பாருங்க. கால்சியம் 9.4, நார்மல். வைட்டமின் டி 48, தாராளமா இருக்கு. ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ், அதாவது ஏஎல்பி, 780, நல்லா ஏறிருக்கு, எலும்புல கோளாறு ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம். ஃபாஸ்பேட் 2.4. பக்கத்துல லேப் காரங்க 2.5ல இருந்து 4.5 வரைக்கும் நார்மல்னு அச்சடிச்சிருக்காங்க, அத பாத்துட்டு "லேசாதான் கம்மி, பரவால்ல"ன்னு விட்டுட்டாங்க.

இங்கதான் பெரும்பாலும் கோட்ட விடறாங்க. அந்த 2.5 டு 4.5 பெரியவங்களுக்கான அளவு! வளர்ற குழந்தைக்கு ரத்தத்துல ஃபாஸ்பேட் அதிகமாதான் இருக்கணும், இந்த வயசுக்கு கொறஞ்சது 4 பக்கம் இருக்கணும். அப்ப 2.4ங்கறது லேசான கொறைச்சல் இல்ல, ரொம்பவே கொறைச்சல். இதே குழந்தைக்கு 2.8 வந்திருந்தா ரிப்போர்ட்ல ஒரு ஸ்டார் குறி கூட இருந்திருக்காது. அதனால குழந்தையோட ஃபாஸ்பேட்ட வயசுக்கு ஏத்த சார்ட்டோட ஒப்பிட்டுதான் படிக்கணும், லேப் தாள நம்பாதீங்க.

சரி, ஃபாஸ்பேட் ஏன் கம்மி? ரெண்டு வழிதான். ஒண்ணு சாப்பாட்டுல இருந்து உள்ள வரல, இல்லன்னா வந்தது வெளிய போய்டுது. உள்ள வரலன்னா கிட்னி சும்மா இருக்காது, கிடைக்கற ஃபாஸ்பேட்ட கிட்டத்தட்ட மொத்தமும் திருப்பி இழுத்து வெச்சுக்கும். அத செக் பண்ண பெரிய மெஷின் எதுவும் வேணாம். காலைல வெறும் வயித்துல ஒரு யூரின் சாம்பிள், அதே நேரத்துல ரத்தம், ரெண்டுலயும் ஃபாஸ்பேட்டும் கிரியாட்டினினும் பாக்கணும், அவ்ளோதான்.

(திரையில் கணக்கு வரி வரியா)

நம்ம பாப்பாக்கு யூரின் ஃபாஸ்பேட் 40, யூரின் கிரியாட்டினின் 20, ரத்த கிரியாட்டினின் 0.3. யூரின் ஃபாஸ்பேட்ட ரத்த கிரியாட்டினினால பெருக்கி யூரின் கிரியாட்டினினால வகுத்தா 0.6. இத ரத்த ஃபாஸ்பேட் 2.4ல இருந்து கழிச்சா 1.8 வருது. கிட்னி எவ்ளோ ஃபாஸ்பேட்ட பிடிச்சு வெக்குதுன்னு சொல்ற நம்பர் இது, இந்த வயசுல இதுவும் 4 பக்கம் இருக்கணும். ரத்தத்துலயே இல்ல, அப்பவும் கால்வாசிய யூரின்ல விடுது இந்த கிட்னி. ஓட்டை எங்கன்னு தெரிஞ்சுபோச்சு.

ஆனா கிட்னி மேல நேரடி தப்பு இல்லீங்க. எலும்புக்குள்ள இருக்கற செல்லுங்க எஃப்ஜிஎஃப் 23னு ஒரு ஹார்மோன சுரக்கும், "போதும், ஃபாஸ்பேட்ட வெளிய விடு"ன்னு கிட்னிக்கு சொல்றதுதான் அதோட வேலை. ஃபெக்ஸ்னு ஒரு ஜீன் சரியா இருந்தா இந்த ஹார்மோன் அளவோட இருக்கும், அந்த ஜீன் கெட்டுப்போனா ஹார்மோன் ஏறிடும். இந்த ஜீன 1995ல கண்டுபிடிச்சாங்க, வைட்டமின் டிக்கு மசியாத ரிக்கெட்ஸ்னு நோயாவே 1937ல ஆல்பிரைட்ங்கற டாக்டர் எழுதிட்டாரு. இன்னொரு கூத்து என்னன்னா, அதே ஹார்மோன் வைட்டமின் டிய வேலை செய்யற கடைசி வடிவத்துக்கு, அதாவது கால்சிட்ரியாலுக்கு, கிட்னி மாத்தறதையும் தடுத்துடும். அதனாலதான் ரத்தத்துல டி 48 இருந்தும் பிரயோஜனம் இல்ல. சிமெண்ட்டே இல்லாத சைட்டுக்கு மேஸ்திரிங்கள மட்டும் அனுப்பிட்டே இருந்தா செவுரு எழும்புமா? மறுபடி மறுபடி டி ஊசி போட்டா கால்சியம் ஏறி கிட்னிக்குதான் கேடு.

வளர்ச்சி ஏன் நிக்குதுன்னு ஒரு நிமிஷம் பாப்போம். எலும்பு நீளறது நுனில இருக்கற குருத்தெலும்பு தட்டுலதான். அங்க செல்லுங்க வரிசையா பெருகி, பெருசாகி, கடைசில செத்து எலும்புக்கு எடம் விடணும். அந்த செல்லு சாகறதுக்கே ஃபாஸ்பேட் வேணும்! அது இல்லன்னா சாகாம குவிஞ்சுகினே போகும், தட்டு தடிச்சு மெத்துன்னு ஆய்டும், குழந்தையோட வெயிட்டு அது மேல எறங்கும்போது கால் வளையும், நீளமும் நிக்கும். ஒடம்பு ஓரளவு வளரும், கால்தான் குட்டையா தங்கும், அதனால இந்த குழந்தைங்கள நிக்க வெச்சு மட்டும் இல்ல, உக்கார வெச்சும் உயரம் அளக்கணும்.

இப்ப குடும்பக் கதை. பாட்டி சொல்றாங்க, "இன்னா சார், அவங்க நைனாவும் சின்னதுல இப்படிதான் நடப்பான், அப்புறம் அப்படியே வுட்டுட்டோம்." அப்பா குட்டையா இருக்காரு, கால் வளைவு இருக்கு, சொத்தையே இல்லாம பல்லுல சீழ் கட்டி ரெண்டு மூணு பல்ல புடுங்கிருக்காரு. இந்த பல் விஷயம் முக்கியமான துப்பு, பல்லு உள்ள கெட்டியாகாததால வெளிய நல்லா இருக்கும்போதே வேர்ல சீழ் வரும். இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, கெட்டுப்போன ஒண்ணு வந்தாலே நோய் வரும். அப்பாவுக்கு இருந்தா பொண்ணுங்க எல்லாருக்கும் வரும், பையனுங்களுக்கு வராது. அம்மாவுக்கு இருந்தா ஆணோ பொண்ணோ பாதிக்குப் பாதி சான்ஸ். "மாமாவ கட்டுனதாலயா"ன்னு எல்லா வீட்டுலயும் கேப்பாங்க, இந்த வகை சொந்தத்துல கல்யாணம் பண்றதால வர்றது இல்ல. குடும்பத்துல யாருக்குமே இல்லாம புதுசா ஒரு குழந்தைக்கு வர்றதும் உண்டு.

ஆனா ஒரு எச்சரிக்கை. ஃபாஸ்பேட் வெளிய போற வேற வகைங்களும் இருக்கு. அதுல ஒண்ணுல யூரின்ல கால்சியமும் அதிகமா இருக்கும், கால்சிட்ரியால் ஒடம்புலயே ஏற்கனவே ஜாஸ்தி, அந்த குழந்தைக்கு ஃபாஸ்பேட் மட்டும் போதும், கால்சிட்ரியால் குடுத்தா கிட்னில கல்லுதான். சொந்தத்துல கல்யாணம்ங்கற கேள்வி அந்த வகைக்குதான் பொருந்தும். அதே மாதிரி யூரின்ல சர்க்கரை போகுதா, ரத்தத்துல அமிலம் கூடிருக்கான்னும் பாக்கணும், இருந்தா அது வேற கிட்னி நோய். மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இதெல்லாம் பாத்துடணும்.

(திரையில் மருந்து பாட்டிலும் அஞ்சு வேளை அட்டவணையும்)

வைத்தியம். வாய் வழியா ஃபாஸ்பேட்டும், கூடவே கால்சிட்ரியாலோ ஆல்ஃபாகால்சிடாலோ. நம்ம பாப்பாக்கு ஃபாஸ்பரஸ் கணக்குல கிலோவுக்கு 40 மில்லிகிராம்னு வெச்சா ஒரு நாளைக்கு 440. ஜூலிஸ் சொல்யூஷன்ங்கற ஃபாஸ்பேட் மருந்துல ஒரு மில்லிக்கு சுமார் 30 மில்லிகிராம் ஃபாஸ்பரஸ் இருக்கு, அப்ப 15 மில்லி, அஞ்சு வேளையா 3 மில்லி. கால்சிட்ரியால் தினமும் 0.25 மைக்ரோகிராம்ல ஆரம்பம். இது கணக்கு புரியறதுக்குதான், டோஸ் உங்க டாக்டர்தான் சொல்லணும்.

அஞ்சு வேளை ஏன்? குடிச்ச ஃபாஸ்பேட் ரத்தத்துல சீக்கிரம் ஏறி சீக்கிரமே எறங்கிடும், கிட்னி விட்டுகினே இருக்கே. ஒரே தடவையா குடுத்தா வயித்தால போகும், அது நிக்கவும் செய்யாது. பாலோட கலக்காதீங்க, பால்ல இருக்கற கால்சியம் அத பிடிச்சுக்கும். படுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேளை கட்டாயம். ஸ்கூல்ல போடுற வேளைதான் எப்பவும் தவறும், டீச்சர்கிட்ட பாட்டிலயும் அளவயும் எழுதி குடுத்துடுங்க.

இன்னொரு பெரிய தப்பு, ஃபாஸ்பேட் நம்பர 4க்கு கொண்டு வந்தே தீரணும்னு டோஸ ஏத்தறது. வெறும் வயித்து ஃபாஸ்பேட் கம்மியாதான் இருக்கும், அத துரத்தாதீங்க. டோஸ் ஏற ஏற பாராதைராய்டு ஹார்மோன் ஏறும், அது இன்னும் ஃபாஸ்பேட்ட வெளிய தள்ளும். கால்சிட்ரியால் ஏறுனா யூரின்ல கால்சியம் ஏறி கிட்னில படியும். நாம பாக்க வேண்டியது ஏஎல்பி எறங்குதா, கால் நேராகுதா, உயரம் ஏறுதா. மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம், யூரின் கால்சியம், உயரம். வருஷத்துக்கு ஒருக்கா இல்ல ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கிட்னி ஸ்கேன்.

பாப்பாக்கு ஒரு வருஷம் கழிச்சு ஏஎல்பி 410. கணுக்கால ஒட்ட வெச்சா முட்டிக்கு நடுவுல 7 செ.மீ. இருந்த இடைவெளி இப்ப 4. அந்த வருஷம் 7 செ.மீ. வளர்ந்திருக்கா. ஃபாஸ்பேட் 2.7தான், அதனால என்ன. இப்ப போய் எலும்ப வெட்டி நேராக்கற ஆபரேஷனுக்கு அவசரப்படக்கூடாது, மருந்து சரியா ஓடாத எலும்ப வெட்டுனா மறுபடி வளையும். அஞ்சு ஆறு வயசுக்கு மேலயும் வளைவு நின்னா, வளர்ற தட்டுக்கு ஒரு பக்கம் சின்ன பிளேட் வெச்சு வளர்ச்சியவே நேராக்க வெக்கற வழி இருக்கு, வளர்ச்சி மிச்சம் இருக்கும்போதுதான் அது நடக்கும்.

புரோசுமாப்னு ஒரு ஊசி 2018ல வந்துச்சு, அந்த எஃப்ஜிஎஃப் 23யவே பிடிச்சு கட்டிப்போடும். குழந்தைங்களுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, தோலுக்கு அடில. 1ல இருந்து 12 வயசு வரைக்கும் 61 குழந்தைங்கள வெச்சு ஒப்பிட்டு பாத்தாங்க, வாய் மருந்தவிட இதுல எக்ஸ்ரே நல்லாவே தேறுச்சு. இந்த ஊசி போடும்போது ஃபாஸ்பேட்டும் கால்சிட்ரியாலும் நிறுத்திடணும், சேத்துப் போடக்கூடாது. வெலைதான் நம்மாளுங்க கைக்கு எட்டாது, அதனால இப்போதைக்கு பாட்டில்தான் நம்ம வழி.

வாய் மருந்து ஒழுங்கா குடுத்தாலும் சில குழந்தைங்க கொஞ்சம் குட்டையாவே நிப்பாங்க, அத மறைக்க வேணாம். ஒரு வயசுக்குள்ள ஆரம்பிச்சவங்க லேட்டா ஆரம்பிச்சவங்கள விட நல்ல உயரம் வர்றாங்க. நம்ம பாப்பாவோட அம்மா இப்ப மறுபடி முழுகாம இருக்காங்கன்னு வெச்சுக்குங்க. பையன் பொறந்தா அப்பாகிட்ட இருந்து இந்த ஜீன் வராது. பொண்ணு பொறந்தா கால் வளையற வரைக்கும் காத்திருக்க வேணாம், ஜீன் டெஸ்ட் முடிஞ்சா பண்ணிடலாம், இல்லன்னா ஃபாஸ்பேட்டும் ஏஎல்பியும் பாக்கணும். பொறந்த புதுசுல ஃபாஸ்பேட் நார்மலா காட்டி ஏமாத்தும், அதனால ஒரு தடவையோட விடாம ரெண்டு மூணு மாசத்துல மறுபடி எடுங்க.