பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் விட்டுப்போன ஒரு வரி, கிட்டத்தட்ட 4 லட்சம்

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன கிடங்கில் இருந்து பேசுகிறேன். பின்னால் அடுக்கி இருப்பது பண்ருட்டியில் இருந்து வந்த முந்திரிப் பருப்பு. இங்கே தரம் பிரித்து, பாக்கெட் போட்டு, புதுச்சேரி கடைகளுக்கு அனுப்புகிறார்கள். நான் வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். தனி ஆள் பெயரில் நடத்துவதா, பார்ட்னர்ஷிப்பா, பிரைவேட் லிமிடெட்டா என்ற கேள்வி என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பேராகச் சேர்ந்து தொழில் செய்பவர்கள்தான். அதனால் இன்றைக்கு இரண்டு பேர் கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு மாமனும் மச்சானும் இதே முந்திரி வியாபாரம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் சரிபாதி. செலவெல்லாம் போக வருடத்துக்கு 18 லட்சம் நிற்கிறது. இவர்கள் இன்னும் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை.

முதலில் மாமன் பெயரில் மட்டும் ஜிஎஸ்டி வாங்கி ஓட்டினால் என்ன ஆகும்? தனி உரிமையாளர் தொழிலுக்குத் தனி வரி கிடையாது. 18 லட்சமும் மாமனுடைய சொந்த வருமானம். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி செஸ்ஸோடு சேர்த்து 1,66,400 ரூபாய் வரும். மச்சானுக்குப் பாதி உண்டு என்பதற்கு எந்தத் தாளும் இல்லை. இரண்டு பேர் பணம் போடும் இடத்தில் இது வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஒற்றை ஆளாக, கடன் வாங்காமல் நடத்துகிறவருக்கு இது போதும்.

சரி, பார்ட்னர்ஷிப்புக்கு வருவோம். பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு வரி நேராக 30 சதவீதம், செஸ்ஸோடு 31.2. முதல் ரூபாயில் இருந்தே இந்த விகிதம்தான், தனி ஆளுக்கு இருப்பது போல படிப்படியாக ஏறுவது கிடையாது. 18 லட்சத்துக்கு 5,61,600 ரூபாய். இதைப் பார்த்துத்தான் பலர் "ஐயோ, கம்பெனியே பரவாயில்லை" என்று ஓடுகிறார்கள்.

ஆனால் வேலை செய்யும் பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தை, ஒரு வரம்புக்குள் நிறுவனத்தின் லாபத்தில் இருந்து கழித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. லாபத்தில் முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம், மீதிக்கு 60 சதவீதம். நம் கணக்கில் 5.4 லட்சமும் 7.2 லட்சமும் சேர்ந்து 12.6 லட்சம். மீதி 5.4 லட்சத்துக்கு மட்டும் நிறுவனம் வரி கட்டும், அது 1,68,480 ரூபாய். மாமனுக்கும் மச்சானுக்கும் ஆளுக்கு 6.3 லட்சம் சம்பளம். வேறு வருமானம் இல்லையென்றால், புதிய முறையில் 12 லட்சம் வரை வரி வராது. நிறுவனம் வரி கட்டியபின் பிரித்துக்கொள்ளும் லாபத்துக்கு அவர்கள் கையில் மறுபடியும் வரி இல்லை.

5,61,600 எங்கே, 1,68,480 எங்கே! இந்த வித்தியாசம் முழுக்கப் பத்திரத்தில் இருக்கும் ஒரு வரியைப் பொறுத்தது. சம்பளம் இன்னாருக்கு இவ்வளவு, அல்லது இந்த முறையில் கணக்கிட வேண்டும் என்று அதில் எழுதி இருக்க வேண்டும். "பங்குதாரர்கள் அவ்வப்போது கூடிப் பேசி முடிவு செய்யும் தொகை" என்று பொதுவாக எழுதிய பத்திரங்கள் நிறைய என் மேஜைக்கு வருகின்றன. அப்படி எழுதினால் கழிவு கிடைக்காது என்று வருமான வரித்துறை 1996-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே எடுத்து அந்தப் பத்தியைப் படித்துப் பாருங்கள். தவறி இருந்தால் திருத்தப் பத்திரம் போடலாம், ஆனால் அது போட்ட தேதியில் இருந்துதான் செல்லும். அப்புறம், 2025 ஏப்ரலில் இருந்து பங்குதாரர் சம்பளம் வருடத்துக்கு 20,000-ஐத் தாண்டினால் நிறுவனம் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். வரி வராதவர்கள் கணக்கு தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது பதிவு. "பான் கார்டு வாங்கிவிட்டோம், ஜிஎஸ்டி எண்ணும் இருக்கிறது, அப்படியானால் பதிவு ஆகிவிட்டதுதானே?" என்று கேட்பார்கள். இல்லை. மாவட்டப் பதிவாளரிடம் நிறுவனத்தையும் பங்குதாரர்களையும் பதிவு செய்வது தனி வேலை. வரிக்கு அது கட்டாயமில்லை, அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் 1932-ஆம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு, பதிவாகாத நிறுவனம் ஒப்பந்தப் பாக்கிக்காக வழக்குப் போட முடியாது என்கிறது. 100 ரூபாய்க்கு உட்பட்ட கோரிக்கைக்கு மட்டும்தான் விலக்கு. புதுச்சேரி கடைக்காரர் 3 லட்சம் பாக்கி வைத்துவிட்டு "போய் வழக்குப் போடு" என்றால், பதிவு செய்யாதவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். அவரோ நம் மேல் தாராளமாக வழக்குப் போடலாம்.

இப்போது கடன் பொறுப்பு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது கடலூரும் புதுச்சேரியும் தண்ணீரில் நின்றன. அப்படி ஒரு மழையில் கிடங்குச் சரக்கு நனைந்துவிட்டது, பண்ருட்டிக்காரருக்கு 14 லட்சம் கொடுக்க வேண்டி இருக்கிறது என்று வையுங்கள். பார்ட்னர்ஷிப்பில் அவர் மாமனிடம் 7, மச்சானிடம் 7 என்று பிரித்துக் கேட்க வேண்டியதில்லை. வீடு வாசல் யாருக்கு இருக்கிறதோ அவரிடம் முழு 14 லட்சத்தையும் வசூலிக்கலாம். கொடுத்தவர் அப்புறம் தன் பங்காளியிடம் பாதியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சரக்கை மச்சான் தனியாக ஆர்டர் போட்டிருந்தாலும், வழக்கமான வியாபாரத்துக்குள் இருந்தால் அது மாமனையும் கட்டும். விலகிப் போகிறவரும் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் உள்ளூர்த் தமிழ் நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்புப் போடும்வரை வெளியாட்களிடம் மாட்டிக்கொண்டுதான் இருப்பார்.

பிரைவேட் லிமிடெட்டில் அதே 14 லட்சத்துக்குப் பண்ருட்டிக்காரர் கம்பெனி சொத்தை மட்டும்தான் தொட முடியும். வரியும் குறைக்கலாம். இருவரும் இயக்குநராக இருந்து, செய்யும் வேலைக்குப் பொருத்தமாக ஆளுக்கு 9 லட்சம் சம்பளம் எடுத்தால், கம்பெனியில் லாபம் நிற்காது, அவர்களுக்கும் வரி வராது. சம்பளம் எடுக்காமல் லாபமாக வைத்தால் 25.168 சதவீதம், 4,53,024 ரூபாய். அதை டிவிடெண்டாக எடுக்கும்போது அது அவரவர் வருமானத்தில் இன்னொரு முறை சேரும்.

இதற்கு விலை உண்டு. வியாபாரம் ஒரு ரூபாய்க்கு நடந்தாலும் தணிக்கை கட்டாயம். ஆண்டுப் படிவங்களைத் தாமதித்தால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். கம்பெனிப் பணத்தைச் சொந்தப் பையில் இருந்து எடுப்பது போல எடுக்கவும் முடியாது.

கடன் பாதுகாப்பிலும் ஓட்டை இருக்கிறது. வங்கி கம்பெனிக்குக் கடன் கொடுக்கும்போது இயக்குநர்களிடம் பெரும்பாலும் தனி உத்தரவாதக் கையெழுத்து கேட்கும். அதைப் போட்டுவிட்டால் அந்தக் கடனுக்கு மாமனின் வீடும் பொறுப்புதான். ஜிஎஸ்டி பாக்கியைக் கம்பெனியிடம் வசூலிக்க முடியாமல் போனால் இயக்குநர்களிடமும் வருவார்கள், தங்கள் அலட்சியத்தால் அது நேரவில்லை என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆக, கம்பெனி காப்பாற்றுவது முக்கியமாகச் சரக்குக் கடனில் இருந்து.

இந்த மாமன் மச்சான் என்னிடம் வந்தால், சரக்கை ரொக்கத்துக்கு வாங்குகிறீர்களா, கடனுக்கா என்றுதான் முதலில் கேட்பேன். ரொக்கம் என்றால் சம்பளம் பற்றிய வாக்கியத்தோடு ஒழுங்கான பத்திரமும், மாவட்டப் பதிவாளர் பதிவும் போதும். பத்து லட்சத்துக்கு மேல் சரக்குக் கடன் எப்போதும் நிற்கும், ஒருவருக்கு மட்டும் சொந்த வீடு இருக்கிறது என்றால் எல்எல்பி, அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள பார்ட்னர்ஷிப், போடச் சொல்வேன். வரி பார்ட்னர்ஷிப் மாதிரி, பொறுப்பு கம்பெனி மாதிரி. ஆண்டு விற்பனை 40 லட்சத்தையோ போட்ட முதல் 25 லட்சத்தையோ தாண்டினால் அதற்கும் தணிக்கை உண்டு, முந்திரி வியாபாரத்தில் 40 லட்சம் சீக்கிரமே தாண்டிவிடும். வெளியாள் முதலீடு வாங்கப்போகிறார்கள் என்றால் மட்டும் பிரைவேட் லிமிடெட்.