ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஆன்-கால் முறை: ஓய்வு நாளை முதலில் குறியுங்கள்

கேள்வி: "ஐடி சப்போர்ட்டில் நாங்கள் ஐந்து பேர்தான். வாரத்துக்கு ஒருவர் என்று ஆன்-கால் போட்டிருக்கிறோம். இரவெல்லாம் வேலை பார்த்தவர் காலை ஒன்பதரைக்கு அலுவலகத்துக்கும் வந்துவிடுகிறார். அடுத்தவரிடம் பொறுப்பைக் கொடுக்கும்போது ஏதாவது விட்டுப்போகிறது. காம்ப்-ஆஃப் கேட்டால் ஆள் இல்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?"

வணக்கம். ரோஸ்டரைத் திறந்ததும் பெயர்களை நிரப்பத் தொடங்காதீர்கள். ஓய்வு நாளை முதலில் குறியுங்கள். பெயர்களை நிரப்பிவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் ஓய்வைத் தேடினால் உங்கள் மேலாளர் சொல்வதுதான் நடக்கும்: ஆள் இருக்காது. இத்தனைக்கும் அவர் பொய் சொல்லவில்லை. அந்த நாளுக்கு வேறு வேலைகளை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருப்பார்.

பொறுப்பு மாறும் நேரத்தைப் புதன்கிழமை காலை 11 மணி என்று வையுங்கள். திங்கள் காலையில் வார இறுதியின் டிக்கெட்டுகள் எல்லாம் ஒன்றாக வந்து விழும். வெள்ளி மாலையில் எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். புதன் நடுப்பகலுக்கு முன் என்றால் ஐந்து பேரும் பெரும்பாலும் இடத்தில் இருப்பார்கள், கேட்க வேண்டியதைக் கேட்க நேரமும் இருக்கும். பொறுப்பை இறக்கிவைத்தவருக்கு மறுநாள், வியாழன், விடுமுறை. அவர் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, யாரும் அனுமதிக்க வேண்டியதில்லை. அடுத்த மூன்று மாதத்துக்கும் அந்த வியாழன்கள் ரோஸ்டரிலேயே அச்சாகியிருக்க வேண்டும். "பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தள்ளிவைத்த காம்ப்-ஆஃப் பெரும்பாலும் காலாவதியாகித்தான் போகும்.

வியாழனன்று எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்குப் பார்ப்போம். ஒருவர் ஓய்வில். புதிதாகப் பொறுப்பேற்றவர் முதல் இரவே விழித்திருந்தால் தாமதமாக வருவார். மீதி மூன்று பேர். எனவே அந்த நாளில் சாதாரண விடுப்பு ஒருவருக்கு மேல் கொடுக்க முடியாது. இந்தக் கட்டுப்பாட்டைக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, துணை ஆள். முதன்மை ஆள் தொலைபேசியை எடுக்காவிட்டால் 15 நிமிடத்தில் அழைப்பு இவருக்குப் போக வேண்டும். இந்த இடத்தில் பல குழுக்கள் போன வாரத்து ஆளையே துணையாக வைக்கின்றன, அவருக்கு எல்லாம் தெரியும் என்பதால். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. களைத்துப்போனவரைத் தொலைபேசிக்கு அருகிலேயே இன்னொரு வாரம் உட்காரவைத்துவிட்டு, அவருக்கு வியாழக்கிழமை ஓய்வு என்று சொல்வதில் என்ன பொருள்? அடுத்த வாரம் வரப்போகிறவரைத் துணையாக வையுங்கள். முதலாமவர் முதன்மையாக இருக்கும் வாரத்தில் இரண்டாமவர் துணை, அடுத்த வாரம் இரண்டாமவர் முதன்மை, மூன்றாமவர் துணை. ஐந்து வாரச் சுற்றில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரம் கட்டு, மூன்று வாரம் முழு விடுதலை. கூடவே இன்னொரு பலனும் உண்டு. துணையாக இருந்த வாரத்தில் என்ன பழுது ஓடுகிறது என்பதை அவர் ஏற்கெனவே பார்த்திருப்பார், பொறுப்பேற்கும்போது எதுவும் புதிதாக இருக்காது.

இரவு விழித்தவர் மறுநாள் காலை வருகிறாரே, அதற்கு எண்ணிக்கையில் ஒரு விதி வேண்டும். "முடியாவிட்டால் தாமதமாக வரலாம்" என்றால் யாரும் தாமதமாக வரமாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலை நேர நெறிமுறை, ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. உங்களை அது கட்டுப்படுத்தாவிட்டாலும் அந்த அளவை எடுத்துக்கொள்ளலாம். நள்ளிரவுக்குப் பிறகு வேலை பார்க்க நேர்ந்தால், மடிக்கணினியை மூடிய நேரத்திலிருந்து 11 மணி நேரம். இரவு 1.10க்கு அழைப்பு வருகிறது, மெயில் சர்வர் எழுந்து நிற்க 3.30 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் பிற்பகல் 2.30க்கு வந்தால் போதும். அதுவரை வரும் அழைப்புகளைத் துணை ஆள் எடுப்பார். தூங்கப் போகும் முன் குழுவின் அரட்டையில் "3.30க்கு முடித்தேன்" என்று ஒரு வரி போட்டால் போதும், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இரண்டு இரவு தொடர்ந்து இப்படி நேர்ந்தால் மூன்றாவது இரவைத் துணை ஆளிடம் மாற்றிவிடுங்கள்.

இப்போது விட்டுப்போகும் விஷயத்துக்கு வருகிறேன். திறந்திருக்கும் டிக்கெட்டுகள் அனேகமாக விட்டுப்போகாது, அவை திரையிலேயே இருக்கின்றன. விட்டுப்போவது, நிறுத்திவைத்த எச்சரிக்கைகள். ஓர் எடுத்துக்காட்டு: கிளை அலுவலகத்தின் இணைய இணைப்பு ஒரு நாளைக்குப் பத்து முறை விட்டு விட்டு வருகிறது. சேவை நிறுவனத்தில் புகார் பதிவாகிவிட்டது. ஓயாமல் மணி அடிப்பதால் ஆன்-காலில் இருப்பவர் அந்த எச்சரிக்கையை நிறுத்திவைக்கிறார், அதில் தவறில்லை. வாரம் மாறுகிறது. சனிக்கிழமை இரவு இணைப்பு முழுவதுமாக அறுந்துபோகிறது, யாருக்கும் மணி அடிக்கவில்லை. திங்களன்று கிளையிலிருந்து கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் தெரிகிறது. எனவே எதை நிறுத்தினாலும் முடியும் நேரம் இல்லாமல் நிறுத்தக் கூடாது. அந்த முடிவு நேரமும் புதன் 11 மணியைத் தாண்டக் கூடாது. தொடர வேண்டுமென்றால் புதிதாக வருபவர் தன் கையால் மீண்டும் நிறுத்தட்டும்.

ஒப்படைப்புக்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள், இருவரும் பேசியே செய்ய வேண்டும். நிறுத்திவைத்தவை எவை, எந்தப் புகார் யாரிடம் எந்த எண்ணில் நிற்கிறது, இந்த வாரம் என்ன மாற்றம் வரப்போகிறது: ஞாயிறு இரவு அப்டேட் உண்டா, ஏதேனும் சான்றிதழ் காலாவதியாகிறதா. இவ்வளவும் ஒரே பக்கத்தில் எழுத்தில் இருக்கட்டும். கடைசியில் ஒரு சோதனை எச்சரிக்கை அனுப்புங்கள். புதியவரின் தொலைபேசி அமைதி நிலையில் இருக்கும்போதும் அது ஒலிக்கிறதா என்று பாருங்கள். ஒலிக்கும் வரை பழையவர் பொறுப்பிலிருந்து விடுபடவில்லை.

இத்தனையும் செய்தாலும் இரவு அழைப்புகள் அதிகமாக இருந்தால் முறை தாங்காது. கூகுள் தன் நடைமுறையை விவரித்து 2016இல் வெளியிட்ட நூலில், ஒரே ஊரில் இருக்கும் குழு முழுநேர ஆன்-கால் பார்க்கக் குறைந்தது எட்டுப் பேர் வேண்டும் என்கிறார்கள். நீங்கள் ஐந்து பேர். ஆகவே ஆள் குறைவை அழைப்புக் குறைப்பால்தான் ஈடுகட்ட வேண்டும். ஒவ்வொரு எச்சரிக்கையையும் எடுத்துவைத்து, காலை ஒன்பது வரை இது காத்திருந்தால் என்ன கெடும் என்று கேளுங்கள். பிரிண்டரும் கடவுச்சொல் மறந்தவரும் காத்திருக்கலாம். சர்வர் டிஸ்க் 80 சதவீதம் நிரம்பியது என்ற எச்சரிக்கை, இரவு பேக்கப் ஓடும்போது வந்து விடியும் முன் தானாகவே அடங்கிவிடும் ரகமாக இருந்தால், அது காலை டிக்கெட்டாக வந்தால் போதும். 95 சதவீதத்துக்கு மட்டும் மணி அடிக்கட்டும்.

ஒவ்வொரு இரவு அழைப்பையும் நேரம், காரணம், எத்தனை நிமிடம் என்று குறித்துவையுங்கள். அந்தத் தாளைப் புதன்கிழமை ஒப்படைப்பிலேயே பார்த்து, அந்த வாரம் அதிகம் எழுப்பிய ஒரே ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்துப் பகல் வேலையாகப் போடுங்கள். அதைச் சரிசெய்யும் வேலை, ஓய்வு முடிந்து வெள்ளியன்று வருபவருக்கே போகட்டும். அந்தப் பழுதை நன்றாக அறிந்தவர் அவர்தான். ஆன்-கால் வாரத்தில் இருப்பவரிடம் மட்டும் கெடு வைத்த வேறு எந்த வேலையையும் கொடுக்காதீர்கள்.